அடைப்புக்குறியைக் கையால் தொடாதீர்கள்!

இலவச மென்பொருள், சில நிமிட நிறுவல். ஆய்வேட்டின் மேற்கோள் சிக்கல்கள் தொடங்குவதோ அதற்குப் பிறகு!

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கும் டி.டி.பி. கடை. இரவு ஒன்பதரை மணி. வாடிக்கையாளர் நாற்காலியில் ஒரு முனைவர் பட்ட ஆய்வாளர், கீபோர்டு முன்னால் கடைக்காரர். சங்க இலக்கிய ஆய்வேடு, முந்நூறு பக்கத்துக்கு மேல். முதல் மூன்று இயல்களைக் கடையிலேயே பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். மேற்கோள்களை மட்டும் ஆய்வாளர் தன் லேப்டாப்பில் ஸோட்டெரோ வழியாகச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்’ என்று கடைக்காரர் கண்ட்ரோல்-ஏ அழுத்தி, முழுக் கோப்பையும் பாமினிக்கு மாற்றுகிறார். அடுத்த நொடி, பத்திக்குப் பத்தி ஒரு புதிய அறிஞர் முளைக்கிறார்: (ர்யசவஇ 1975).

“அண்ணா, இது யாருண்ணா ர்யசவஇ?”

“நீங்க கொண்டு வந்த ஃபைல்ல இருக்கறதுதாம்மா.”

அது Hart. சங்கப் பாடல்களைப் பற்றி எழுதிய ஜார்ஜ் ஹார்ட். பாமினி எழுத்துருவில் H என்ற விசைக்கு ‘ர்’, a-வுக்கு ‘ய’, r-க்கு ‘ச’, t-க்கு ‘வ’, காற்புள்ளிக்கு ‘இ’. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திவிட்டு வேலை செய்தன. உள்ளே இருப்பது இப்போதும் Hart-தான். கண்ட்ரோல்-இஸட் அழுத்தினால் ஆள் திரும்பி வந்துவிடுவார். ஆனால் கடைக்காரர் அதைச் செய்யவில்லை. உதவி செய்கிற நல்ல மனசோடு, ஒவ்வொரு ‘ர்யசவ’வையும் அழித்துவிட்டு ‘ஹார்ட்’ என்று கையால் அடிக்க ஆரம்பித்தார்.

அந்த இரவின் உண்மையான சேதம் அங்கேதான் நடந்தது. எழுத்துரு மாறியதில் ஒன்றும் கெடவில்லை.

எதற்கு இந்தப் பேச்சு இப்போது?

ஆய்வு மாணவர்கள் கூடும் இடங்களில் இன்று அடிபடும் பெயர்கள் மூன்று: ஸோட்டெரோ, மென்டலே, எண்ட்நோட். இதற்கு ஒரு காரணம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறை. ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும். 60 விழுக்காட்டுக்கு மேல் போனால் பதிவே ரத்து. உரிய முறையில் சான்று காட்டிய மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் ஒப்புமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே, மேற்கோளை ஒழுங்காகக் காட்டினோமா என்பது பட்டத்தோடு தொடர்புடைய கேள்வியாகிவிட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வேடு ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் ஏறி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கும் என்பது இன்னொரு காரணம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். இந்த மென்பொருள் எதுவும் கருத்துத் திருட்டைக் குறைக்காது. யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை எழுத்தாளர்தான் சொல்ல வேண்டும். சொன்னதை நிறுத்தற்குறி பிசகாமல் அச்சிட்டுத் தருவது மட்டுமே மென்பொருளின் வேலை.

இந்தக் கட்டுரை ஸோட்டெரோவைப் பற்றியது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையத்தில் 2006-இல் பிறந்தது, இலவசம், மூலநிரல் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

நிறுவும்போது கவனிக்க வேண்டிய மூன்று இடங்கள்

முதலில் வேர்டை மூடிவிடுங்கள். zotero.org/download பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ஸோட்டெரோ மென்பொருள். மற்றொன்று பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் கனெக்டர். இரண்டையும் நிறுவ வேண்டும். ஜேஸ்டோர் போன்ற தளத்தில் ஒரு கட்டுரையைத் திறந்து கனெக்டர் பொத்தானை அழுத்தினால், ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, இதழ் விவரம் எல்லாம் நேராக உங்கள் சேமிப்புக்குள் வந்து உட்காரும். வேர்டு செருகுநிரலைத் தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. ஸோட்டெரோவை ஒருமுறை திறந்துவிட்டு வேர்டைத் திறந்தால், மேல்பட்டையில் Zotero என்று புதிய தாவல் நிற்கும்.

இது முதல் இடம். தாவல் வராவிட்டால்? ஸோட்டெரோவில் Edit → Settings → Cite பகுதிக்குப் போய், செருகுநிரலை மீண்டும் நிறுவும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கோப்பு தவறான இடத்துக்குப் போயிருக்கும். செருகுநிரல் என்பது `Zotero.dotm` என்ற ஒரே ஒரு கோப்புதான். அது வேர்டின் தொடக்கக் கோப்புறையில் இருந்தாக வேண்டும். வழக்கமான முகவரி இது:

```
%AppData%\Microsoft\Word\Startup
```

உங்கள் வேர்டு வேறு கோப்புறையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வேர்டில் File → Options → Advanced போய், அடியில் File Locations பொத்தானை அழுத்தினால் Startup என்ற வரியில் அது எந்தக் கோப்புறை என்று தெரியும். கோப்பை அங்கே நகலெடுத்து, வேர்டை மூடித் திறந்தால் போதும்.

இரண்டாவது இடம்: தாவல் இருக்கிறது, ஆனால் பொத்தானை அழுத்தினால் ஸோட்டெரோவைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வேர்டு சொல்கிறது. முதல் சந்தேகம், ஸோட்டெரோ திறந்தே இல்லை. மேற்கோள் சேர்க்கும் நேரமெல்லாம் அது பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திறந்திருந்தும் இதே செய்தி வந்தால், இரண்டில் ஒன்று நிர்வாகி உரிமையோடு ஓடுகிறதா என்று பாருங்கள். வேர்டு சாதாரணப் பயனராகவும் ஸோட்டெரோ ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆகவும் திறந்திருந்தால் விண்டோஸ் இரண்டையும் பேச விடாது. பல்கலைக்கழக லேப் கணினிகளில் இது நடக்கக்கூடியதுதான். இரண்டையும் மூடிவிட்டுச் சாதாரணமாகத் திறந்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது இடத்தில் உடனே எதுவும் தவறாது. ஒரு வருடம் கழித்துத்தான் தவறும். ஸோட்டெரோ தன் தரவை எல்லாம் உங்கள் பயனர் கோப்புறைக்குள் Zotero என்ற கோப்புறையில் வைத்திருக்கிறது. உள்ளே `zotero.sqlite` என்ற தரவுத்தளமும், பி.டி.எஃப்.களை வைக்கும் `storage` கோப்புறையும் இருக்கும். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று இந்தக் கோப்புறையை ஒன்ட்ரைவுக்கோ கூகுள் டிரைவுக்கோ மாற்றி வைக்கிறவர்கள் உண்டு. கூடவே கூடாது. தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவ் மென்பொருள் அதை மேலே ஏற்றும், இறக்கும். ஒருநாள் கோப்பு சிதைந்துவிடும். பத்திரத்துக்கு ஸோட்டெரோ தளத்திலேயே கணக்குத் தொடங்கி ஒத்திசைவை இயக்குங்கள். நூல் விவரங்கள் ஏறுவதற்கு வரம்பு கிடையாது, பி.டி.எஃப்.களுக்கு மட்டும் 300 எம்.பி. வரை இலவசம். நிரம்பிவிட்டால் கோப்பு ஒத்திசைவை நிறுத்திவிட்டு, விவரங்களை மட்டும் ஏற்றலாம். பி.டி.எஃப்.கள் உங்கள் கணினியில் இருந்துகொண்டிருக்கும். வாரம் ஒருமுறை ஸோட்டெரோவை மூடிவிட்டு, கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் நகலெடுப்பதில் தவறே இல்லை.

> பெட்டிச் செய்தி: எதில் எது ஓடும்?
>
> ஸோட்டெரோ: கணினியில் நிறுவிய மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆஃபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றோடும் வேலை செய்யும். பிரவுசரில் திறக்கும் வேர்டிலும், கைப்பேசி வேர்டிலும் மேற்கோள் சேர்க்க முடியாது. லிப்ரே ஆஃபிஸுக்கு ஜாவா தேவை. உபுண்டுவில் தாவல் வராவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொகுப்புதான் இல்லாமல் இருக்கும்:
>
> ```
> sudo apt install libreoffice-java-common
> ```
>
> மென்டலே: எல்ஸ்வியர் நிறுவனம் 2013-இல் வாங்கியது. பழைய டெஸ்க்டாப் பதிப்பை 2022 செப்டம்பரிலிருந்து பதிவிறக்க முடியாது. இப்போதைய செருகுநிரல் வேர்டுக்கு மட்டும்.
>
> எண்ட்நோட்: கட்டண மென்பொருள். உங்கள் நூலகம் உரிமம் வாங்கியிருந்தால், படிப்பு முடிந்த பிறகும் அது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது?

ஸோட்டெரோ சேர்த்த ஒரு மேற்கோள் உள்ள வேர்டு கோப்பைத் திறந்து ஆல்ட்-எஃப்9 அழுத்திப் பாருங்கள். (Hart, 1975) மறைந்து, இப்படி ஒரு சரம் வெளியே வரும்:

```
{ ADDIN ZOTERO_ITEM CSL_CITATION {"citationID": ...
```

சரம் நீண்டுகொண்டே போகும். நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், உங்கள் சேமிப்பில் அந்த நூலுக்குரிய அடையாள எண் எல்லாம் உள்ளே இருக்கின்றன. மறுபடி ஆல்ட்-எஃப்9 அழுத்தினால் (Hart, 1975) வந்துவிடும். பக்கத்தில் நாம் பார்ப்பது இந்தச் சரத்தின் முகம் மட்டுமே. வேர்டில் இதற்குப் பெயர் ஃபீல்டு.

துணைநூற்பட்டியல் தானாக உருவாவதும், புதிய மேற்கோள் நடுவில் நுழைந்தால் எண்கள் தாமே நகர்வதும், ஏ.பி.ஏ. நடையிலிருந்து எம்.எல்.ஏ. நடைக்கு ஒரே கிளிக்கில் மாறுவதும் இந்தச் சரங்களால்தான். கடைக்காரர் அடைப்புக்குறியோடு சேர்த்து முழுவதையும் அழித்திருந்தால் சரமும் போயிருக்கும். அடுத்தமுறை Refresh அழுத்தும்போது, வேறெங்கும் மேற்கோள் காட்டப்படாத நூல் துணைநூற்பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடும். எழுத்துகளை மட்டும் மாற்றியிருந்தால் சரம் இருக்கும். நீங்கள் மாற்றியதை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று ஸோட்டெரோ கேட்கும். Yes சொன்னால் அந்த மேற்கோள் அப்படியே உறைந்துவிடும். பிறகு நடை மாற்றினாலும் அது மட்டும் மாறாது. No சொன்னால் கையால் செய்த திருத்தம் போய்ச் சரியான வடிவம் திரும்பும். முக்கால்வாசி நேரம் No-தான் சரியான பதில். பயந்துபோய் எல்லோரும் அழுத்துவது Yes.

எது உயிரோடு இருக்கிறது, எது வெறும் எழுத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேர்டில் File → Options → Advanced பகுதியில் Field shading என்ற இடத்தில் Always என்று வைத்துவிடுங்கள். உயிருள்ள மேற்கோள் எல்லாம் சாம்பல் நிறப் பின்னணியில் தெரியும். அச்சில் அந்த நிறம் வராது. சாம்பல் இல்லாத அடைப்புக்குறி கண்ணில் பட்டால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஹார்ட் இருவரான கதை

நெறியாளர் ஓர் இயலைத் திருத்தித் தருகிறார். இரண்டு இடத்தில் சிவப்பு மை. ஒன்று (G. L. Hart, 1975). மற்றொன்று (G. Hart & Heifetz, 1999). ‘ஏ.பி.ஏ.வில் முதலெழுத்து எதற்கு?’ என்பது அவர் கேள்வி. நியாயம்தான். ஆய்வாளர் அந்த எழுத்துகளை அடிக்கவே இல்லை. மென்பொருள் தானாகப் போட்டிருக்கிறது. ‘ஸோட்டெரோவில் பக்’ என்று முடிவுகட்டிக் கையால் அழிக்கத் தோன்றும்.

மென்பொருள் செய்தது சரி. ஏ.பி.ஏ. நடையில், ஒரே குடும்பப்பெயரில் இரு வேறு ஆசிரியர்கள் இருந்தால் குழப்பம் வராமல் முதலெழுத்தைச் சேர்க்க வேண்டும். நம் ஆய்வாளரின் சேமிப்பில் இரண்டு ஹார்ட்டுகள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1975-இல் வெளியிட்ட The Poems of Ancient Tamil நூலுக்குக் கனெக்டர் கொண்டுவந்த பெயர் George L. Hart. ஹேங்க் ஹைஃபெட்ஸுடன் சேர்ந்து செய்த புறநானூற்று மொழிபெயர்ப்பு 1999-இல் கொலம்பியாவில் வந்தது. அதன் விவரத்தை அவர் கையால் அடித்தபோது George Hart என்று விட்டுவிட்டார். ஒரு L போனதில் ஒருவர் இருவரானார்.

எனவே திருத்த வேண்டிய இடம் வேர்டு இல்லை. ஸோட்டெரோவில் இரண்டாவது பதிவைத் திறந்து, வலப்பக்கம் பெயர்க் கட்டத்தில் George L. என்று சேர்த்து, வேர்டில் Refresh அழுத்தினால் (Hart, 1975) என்றும் (Hart & Heifetz, 1999) என்றும் முந்நூறு பக்கத்திலும் மாறிவிடும்.

இதன் அண்ணன் ஒருவர் உண்டு: (Hart, 1975a), (Hart, 1975b). ஆனால் நீங்கள் பார்த்தது ஒரே நூலைத்தான். அப்படி வந்தால் அந்த நூல் சேமிப்பில் இரண்டு முறை ஏறியிருக்கிறது. இங்கே ஒன்றை நீக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். நீக்கிய பதிவோடு கோர்த்திருந்த மேற்கோள்கள் அநாதையாகிவிடும். ஆய்வேட்டுக் கோப்புக்குள் பழைய விவரம் தங்கியிருப்பதால் அவை அச்சாகும். a, b-யும் போகாது. ஸோட்டெரோவின் இடப்பக்கத்தில் Duplicate Items என்ற பகுதி இருக்கிறது. அங்கே இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒன்றாக இணைக்க வேண்டும். இணைத்தால் பழைய மேற்கோள்களும் புதிய பதிவையே பிடித்துக்கொள்ளும்.

தமிழ்ப் பெயர்களில் சிக்கல் வேறு மாதிரி. சாகித்திய அகாதெமி வெளியிட்ட ‘தமிழ் இலக்கிய வரலாறு’ நூலை நீங்களே தட்டச்சு செய்தால் ஆசிரியர் மு. வரதராசன். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில் Mu. Varadarajan. வெளிநாட்டு நூலகப் பட்டியலிலிருந்து இழுத்தால் ஒலிபெயர்ப்புக் குறிகளோடு Varatarācan̲, Mu. என்று வரும். மென்பொருளின் கண்ணில் இவர்கள் மூன்று பேர். தமிழ் நூலுக்குத் தமிழ்ப் பெயர், ஆங்கில நூலுக்கு அட்டையில் உள்ள ஆங்கிலப் பெயர், ஒலிபெயர்ப்புக்கு இடமே இல்லை என்று முதல் மாதத்திலேயே ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. தலைப்பெழுத்தும் பெயருமாக இருக்கும் நம் பெயர்களை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டமாகப் பிரிக்காமல், பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒரே கட்டமாக்கி, ‘வரதராசன், மு.’ என்று இடுங்கள். இட்டது இட்டபடியே அச்சாகும்.

> பெட்டிச் செய்தி: ‘p. 45’ வேண்டாம், ‘ப. 45’ வேண்டும்
>
> தமிழில் எழுதிய ஆய்வேட்டுக்குள் ‘p. 45’, ‘et al.’ என்று வருவது உறுத்தும். மேற்கோள் நடை என்பதே ஒரு சிறு உரைக்கோப்புதான், திருத்தலாம். நடையின் `.csl` கோப்பை நகலெடுத்து, மேலே உள்ள title, id இரண்டையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அடுத்த தானியங்கிப் புதுப்பித்தலில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். பிறகு `</info>` வரிக்குக் கீழே இதைச் சேருங்கள்:
>
> ```xml
> <locale xml:lang="en">
>   <terms>
>     <term name="et-al">முதலியோர்</term>
>     <term name="page" form="short">
>       <single>ப.</single>
>       <multiple>பக்.</multiple>
>     </term>
>   </terms>
> </locale>
> ```
>
> ஆங்கிலத்துக்கான locale பகுதி ஏற்கெனவே இருந்தால், term வரிகளை மட்டும் அதற்குள் இடுங்கள். சேமித்த கோப்பை Settings → Cite → Styles பகுதியில் + அழுத்திச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்று கணினி, இரண்டு நெறியாளர், ஒரு கடை

ஓர் ஆய்வேடு எழுதி முடிக்க நாலைந்து வருடம் ஆகிறது. அதற்குள் லேப்டாப் மாறும், லேப் மாறும், கோப்பு பலர் கைக்குப் போகும். சரங்கள் அறுவது இந்தக் கைமாற்றங்களில்தான்.

புதிய லேப்டாப் வாங்கியவுடன் பலர் பழைய கணினியில் சேமிப்பை ஏற்றுமதி செய்து, புதியதில் இறக்குமதி செய்கிறார்கள். பார்ப்பதற்கு எல்லா நூலும் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் புது அடையாள எண். ஆய்வேட்டில் உள்ள சரம் பழைய எண்ணைத் தேடும்; கிடைக்காது. புதுக் கணினியில் சேர்க்கும் அதே நூல் 1975a, 1975b என்று பிரிந்து நிற்கும். சரியான வழி இரண்டு: ஒத்திசைவை இயக்கி அதே கணக்கில் நுழைவது, அல்லது Zotero கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் புதுக் கணினியில் அதே இடத்தில் வைப்பது.

நெறியாளர் கணினியில் ஸோட்டெரோ இல்லை என்று கவலைப்பட வேண்டாம். செருகுநிரல் இல்லாத வேர்டில் திறந்து, திருத்தி, சேமித்தாலும் சரங்கள் பத்திரமாக இருக்கும், அடைப்புக்குறிக்குள் கை வைக்காதவரை. ஆபத்து கூகுள் டாக்ஸில். வேர்டு கோப்பை அதில் ஏற்றி, திருத்தி, மறுபடி வேர்டாக இறக்கினால் மேற்கோள்கள் வெறும் எழுத்தாகத் திரும்பும். லிப்ரே ஆஃபிஸில் திறந்து சேமித்தாலும் இதே கதிதான். மாற்றியே ஆக வேண்டுமென்றால், Document Preferences பெட்டியில் வேறு சொற்செயலிக்கு மாறுவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தித் தனிக் கோப்பாக அனுப்ப வேண்டும்.

கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, ஆய்வேட்டை யூனிகோடில் மட்டுமே அடியுங்கள். இரண்டு, கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்9 அழுத்தாதீர்கள். பொருளடக்கத்தின் பக்க எண்கள் நகராமல் இருக்கச் சிலர் முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து இந்த விசைகளை அழுத்துவார்கள். பொருளடக்கத்தோடு சேர்த்து எல்லா ஃபீல்டையும் அது எழுத்தாக்கிவிடும். சேமித்து மூடிவிட்டால் மீட்க வழியில்லை.

இயல்களைத் தனித்தனிக் கோப்பாக எழுதுவதில் தவறில்லை. ஆனால் முழு ஆய்வேட்டுக்கும் ஒரே துணைநூற்பட்டியல் வேண்டுமென்றால், கடைசியில் எல்லா இயலையும் ஒரே கோப்பில் ஒட்டியாக வேண்டும். ஒட்டினாலும் சரங்கள் தொடரும். கோப்பு பெருத்துவிட்டால் ஒவ்வொரு மேற்கோளுக்கும் வேர்டு திணறும். Document Preferences பெட்டியில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, நாள் முடிவில் ஒருமுறை Refresh அழுத்தினால் போதும்.

ஒப்படைக்கும் நாள்

நம் தமிழ்த் துறைகளில் துணைநூற்பட்டியலைத் ‘தமிழ் நூல்கள்’, ‘ஆங்கில நூல்கள்’ என்று பிரித்துக் கேட்பார்கள். ஸோட்டெரோவுக்கு அப்படிப் பிரிக்கத் தெரியாது. ஒரே பட்டியலாகத்தான் தரும். ஆனால் அகரவரிசையில் ஆங்கில எழுத்துகள் முன்னாலும் தமிழ் எழுத்துகள் பின்னாலும் திரண்டு நிற்கும் என்பதால், நடுவில் ஒரு தலைப்பு இட்டு, தமிழ்ப் பகுதியை வெட்டி மேலே ஒட்டினால் வேலை முடிந்தது. இதை எப்போது செய்வது என்பதில்தான் சூட்சுமம். உயிருள்ள கோப்பில் செய்தால் அடுத்த Refresh எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி அடுக்கிவிடும்.

அதனால் முதலில் கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். அந்த நகலில் மட்டும் Unlink Citations பொத்தானை அழுத்துங்கள். சாம்பல் நிறம் மறைந்து, எல்லாம் எழுத்தாகிவிடும். தலைப்பு இடுவது, தமிழ் நூல்களின் அகர வரிசையை ஒருமுறை கண்ணால் சரிபார்ப்பது, பி.டி.எஃப். எடுப்பது, கடைக்குக் கொடுப்பது எல்லாம் இந்த நகலில்தான். மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும். ஏனென்றால் புறத்தேர்வாளர் அறிக்கை வர மாதக்கணக்காகும். வரும்போது அதில் ‘இந்த இரண்டு நூல்களையும் பார்த்து மூன்றாம் இயலில் சேர்க்க’ என்று ஒரு வரி இருக்கும். அந்த இரண்டு நூல்களையும் சேமிப்பில் ஏற்றி, மூலக் கோப்பைத் திறந்து, இரண்டு மேற்கோள் சேர்த்து, Refresh அழுத்தி, மறுபடி ஒரு நகல் எடுத்தால் அன்று மாலைக்குள் பைண்டிங்குக்குக் கொடுத்துவிடலாம்.